மாமா மடியில் ஒரு குட்டி விழா: காது குத்துக்கு அழைக்கவும் வாழ்த்தவும் எளிய சொற்கள்

காது குத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. தாய்மாமனுக்கு விடுமுறை கிடைத்துவிட்டது. அடுத்த வேலை, அச்சகத்துக்குப் போய் அழைப்பிதழ் அடிப்பது. அங்கே மேசை மேல் ஒரு மாதிரிப் புத்தகம் இருக்கும். அதைப் புரட்டி, நான்காவது பக்கத்திலோ ஏழாவது பக்கத்திலோ இருக்கும் வாசகத்தைக் காட்டி, "இதையே போட்டுடுங்க, பேரை மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த வாசகத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கல்யாணம், புதுமனைப் புகுவிழா, காதணி விழா என எல்லாவற்றுக்கும் ஒரே நடையில் எழுதப்பட்ட வாசகம் அது. நாள் இருக்கும், கோயில் இருக்கும், பெரியவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தக் குழந்தை மட்டும் அதில் இருக்காது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் விழாவுக்குக் கொஞ்சம் விளையாட்டும் கொஞ்சம் கொஞ்சலும் கலந்த வாசகம்தான் பொருந்தும். அதைப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளுமே உட்கார்ந்து எழுதிவிடலாம். எப்படி என்பதை ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம்.

முதலில் விழாவைக் கண்முன் கொண்டுவாருங்கள்

நல்ல வாசகம் விழாவில் நடக்கும் காரியங்களிலிருந்துதான் பிறக்கும். எனவே பேனாவை எடுக்கும் முன், அன்று காலை என்னவெல்லாம் நடக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பெரும்பாலான குடும்பங்களில் காது குத்து குலதெய்வக் கோயிலில் நடக்கும். ஒற்றைப்படை மாதத்திலோ ஒற்றைப்படை வயதிலோ வைப்பது வழக்கம். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம், மூன்றாம் வயது என்று வீட்டுக்கு வீடு மாறும். முதலில் முடியிறக்கம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார, முடி இறக்கிக் குளிப்பாட்டி, மொட்டைத் தலையில் குளிரக் குளிரச் சந்தனம் பூசுவார்கள். பிறகு மாமன் சீர் வரும். தட்டுகளில் பழம், பூ, தேங்காய், புதுத்துணி, நடுவில் ஒரு சின்னச் செப்பில் தோடோ கடுக்கனோ இருக்கும். மாமன் எடுத்த புதுத்துணியைப் போட்டுக்கொண்டு குழந்தை மறுபடி மாமன் மடிக்கு வரும். ஆசாரி இரண்டு காதிலும் புள்ளி வைத்து, இடமும் வலமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் குத்துவார். பெண் குழந்தைக்கு இடது காதும், ஆண் குழந்தைக்கு வலது காதும் முதலில் என்பது பழைய வழக்கம். குத்தி முடித்ததும், ஊறவைத்த அரிசியோடு வெல்லமும் தேங்காயும் எள்ளும் பொட்டுக்கடலையும் கலந்த காப்பரிசியைப் பல ஊர்களில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். அப்புறம் விருந்து.

மொட்டை, சந்தனம், மாமன் மடி, புதுத்துணி, சின்னத் தோடு, காப்பரிசி, கொஞ்சம் அழுகை, அதன்பின் வரும் சிரிப்பு. வாசகத்துக்கு வேண்டிய சரக்கு இவ்வளவுதான். தேவதை, ரோஜா, நிலவு, நட்சத்திரம் என்று எங்கேயோ போய்த் தேட வேண்டியதில்லை.

ஒரு குடும்பம், மூன்று வாசகங்கள்

அப்பா மேலூர்ப் பக்கம், அம்மா பொள்ளாச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது. அப்பா வழியில் ஐயா, அப்பத்தா. அம்மா வழியில் அப்புச்சி, அம்மாயி. திருப்பூரில் வேலை பார்க்கும் மாமா ஒருவர். விழா, அப்பா வீட்டுக் குலதெய்வக் கோயிலில். அச்சகத்தில் எடுத்த முதல் வாசகம் இப்படி இருந்தது:

"அன்புடையீர், நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 25-ஆம் தேதி (08.02.2026) ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் எங்கள் அன்புப் பேத்திக்கு, எங்கள் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காதணி அணிவிக்க இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து குழந்தையை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்."

இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாள், நேரம், இடம், அழைப்பவர் யார், எதற்காக அழைக்கிறார் என எல்லாம் இதில் தெளிவாக இருக்கிறது. பெரியவர்கள் அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் தேடுவது இந்தப் பகுதியைத்தான். இது இப்படியே எழுத்து நடையில், மரியாதையோடு இருக்கட்டும். செல்லமும் விளையாட்டும் இதன் மேலேயோ, எதிர்ப்பக்கத்திலோ தனியாக வரட்டும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் நேரம் எது, இடம் எது என்று வாசிப்பவர் குழம்புவார்.

குடும்பத்தில் யாரோ ஒருவர் இரண்டாவதாக ஒன்று எழுதினார்: "அகிலம் போற்ற அவதரித்த அழகு தேவதை நான், ஆயிரம் நிலவாய் ஒளிவீச, பொன்னகை பூணும் பொன்னாள் இது." குழந்தை பேசுவதாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எந்தக் குழந்தையும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளாது. அதற்கு 'அகிலம்' தெரியாது. வீடும் வாசலும் ஐயாவின் வண்டியும்தான் தெரியும். அதோடு இந்த வரிகளை எந்தக் குழந்தையின் அழைப்பிதழிலும் போட்டுவிடலாம். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய ஒரு செய்தியும் இதில் இல்லை. படிப்பவர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்.

மூன்றாவது முறை அவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். பாப்பா தினமும் யாரோடு என்ன செய்கிறாள் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொன்னார்கள். ஐயா அவளை மொபெட்டில் முன்னால் நிற்கவைத்து ஊரைச் சுற்றி வருகிறார். அப்பத்தா தலையில் எண்ணெய் தேய்த்து, உச்சியில் ஒரு குட்டிக் குடுமி போட்டுவிடுகிறார். அப்புச்சி தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருகிறார். ஆனால் போனில் அவர் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. அம்மாயி ஆள் வரும்போதெல்லாம் தோட்டத்துத் தேங்காயைக் கொடுத்துவிடுகிறார். இப்போது வாசகம் தானாக வந்தது:

"வணக்கம், நான்தான் பாப்பா.
வயசு ஒன்றரை. பல்லு பன்னெண்டு.
'வா', 'தா', 'ஐயா' – இவ்வளவுதான் பேச வரும்.
அதனால இதை அம்மாவை எழுதச் சொன்னேன்.

ஐயா, வண்டியில என்னை முன்னாடி நிக்கவச்சு
கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க.
அப்பத்தா, நீங்க போட்ட குடுமியைச்
சாமிக்குக் கொடுக்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க.
அப்புச்சி, போன்ல நெத்தி மட்டும் காட்டாம
அன்னிக்கு முழுசா வந்து நில்லுங்க.
அம்மாயி, காப்பரிசிக்கு உங்க தேங்காய்தான்.

மாமா மடியிலதான் உட்காருவேன்.
நான் அழுதா யாரும் சிரிக்கக் கூடாது.
நான் சிரிச்சா எல்லாரும் கைதட்டணும்.
எல்லாரும் வாங்க!"

இதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நான்கு பெரியவர்களும் தங்கள் வரி எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அழைப்பிதழை ஐயா டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போவார். அப்பத்தா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வெளியூர் உறவினர்களுக்கோ, குழந்தையை இதுவரை பார்க்காதவர்களுக்குக்கூட அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடும்.

எழுதும்போது மூன்றைக் கவனித்துக்கொண்டால் போதும். குழந்தையின் வரிகள் பேச்சு நடையிலேயே தொடங்கிப் பேச்சு நடையிலேயே முடிய வேண்டும். "அப்பத்தா, நீங்க போட்ட குடுமியை இறைவனுக்குச் சமர்ப்பிக்கிறேன்" என்று நடுவில் நடை மாறினால் குழந்தை மறைந்து அச்சகத்து மாதிரிப் புத்தகம் எட்டிப்பார்க்கும். ஒரு வரியில் நான்கைந்து சொல்லுக்கு மேல் போகாமல் இருந்தால் சத்தமாகப் படிக்க நன்றாக இருக்கும். மொத்தம் பன்னிரண்டு, பதினைந்து வரிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் கொஞ்சல் சலித்துவிடும்.

அழைக்கும் பெயரிலேயே அழையுங்கள்

அச்சிட்ட வாசகங்களில் 'தாத்தா, பாட்டி' என்றுதான் இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் இந்தப் பெயர்கள் மாறுகின்றன. அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்பார்கள், அப்பாயி என்பார்கள். அம்மாவின் அம்மா சில வீடுகளில் அம்மாச்சி, சில வீடுகளில் அம்மாயி. திருநெல்வேலிப் பக்கமும் செட்டிநாட்டிலும் ஆச்சி என்ற பெயர் உண்டு. கொங்குப் பகுதியில் அம்மாவின் அப்பா அப்புச்சி. மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் பல வீடுகளில் தாத்தாவை ஐயா என்பார்கள். பிள்ளை வாயில் வரும் பெயரே அச்சிலும் வரட்டும். மேலே உள்ள வாசகத்தில் அப்புச்சி என்று இருக்கும் இடத்தில் தாத்தா என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொள்ளாச்சியும் மேலூரும் ஒன்றாகிவிடும். யாரைச் சொல்கிறது என்பதே தெரியாது.

அடுத்தது வரிசை. அழைப்பிதழ் விஷயத்தில் மனத்தாங்கல் வரும் இடம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் அழைப்பவர்கள் அப்பா வழித் தாத்தா பாட்டி. அம்மா வழியினர் பெயர் கீழே வரும், தாய்மாமன் பெயர் தனியாக வரும். இந்த வழக்கத்தை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். ஆனால் குழந்தை பேசும் பகுதியில் இரண்டு பக்கத்துக்கும் வரிகள் சமமாக இருக்கட்டும். ஐயாவுக்கு இரண்டு வரி என்றால் அப்புச்சிக்கும் இரண்டு வரி. ஒருவரைப் பற்றி அன்பாகவும் இன்னொருவரைப் பற்றிக் கேலியாகவும் எழுதக் கூடாது. பெயர்ப் பட்டியலில் மேலே கீழே இருப்பதால் வரும் குறையை இந்தச் சமம் பெருமளவு ஆற்றிவிடும்.

தாய்மாமன் இல்லாத வீடுகள் உண்டு. அம்மாவின் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ மடியில் வைத்துக்கொள்வார். சில வீடுகளில் அம்மா வழித் தாத்தாவே வைத்துக்கொள்வார். அங்கே விளக்கம் எதுவும் வேண்டாம். மடியில் வைத்துக்கொள்பவரைக் குழந்தை எப்படி அழைக்குமோ அப்படி எழுதி, "அவங்க மடியிலதான் உட்காருவேன்" என்று முடித்துவிடுங்கள்.

தாத்தாவோ பாட்டியோ இறந்திருந்தால், பெயர்ப் பட்டியலில் 'தெய்வத்திரு' என்று சேர்ப்பது வழக்கம். குழந்தையின் வரிகளில் அவரை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே ஒரு வரி, உண்மையான ஒரு செய்தியோடு இருந்தால் போதும். உதாரணமாக: "தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் கடுக்கனை அழிச்சுத்தான் எனக்குத் தோடு செஞ்சிருக்காங்க." இதற்கு மேல் இழுத்தால் அழைப்பிதழைப் படித்ததும் பாட்டி அழுதுவிடுவார். ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே காப்பரிசிக்குப் போய்விடுங்கள்.

எந்த விளையாட்டு வேண்டாம்

இலகுவாக எழுதுகிறேன் என்று சிலர் மொய்யைப் பற்றி எழுதிவிடுவார்கள். "மொய்யை மறந்துடாதீங்க, என் படிப்புச் செலவு இருக்கு" என்பது சிரிப்பாகத்தான் தோன்றும். ஆனால் தென் மாவட்டங்களில் மொய் என்பது நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் கடன். அந்த மாதம் கையில் பணம் இல்லாத உறவினர் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு வராமலே இருந்துவிடலாம். மாமன் சீரின் அளவைப் பற்றிய கேலியும் அப்படித்தான். "மாமா, எத்தனை பவுன்?" என்று பிள்ளை கேட்பதாக எழுதினால், கடன் வாங்கிச் சீர் செய்யும் மாமனுக்கு அது குத்தும். குழந்தையின் நிறம், உடம்பு, "அடுத்தது தம்பிதான்" என்பது போன்ற பேச்சுகள் எதுவும் வேண்டாம்.

'காது குத்தறியா' என்று ஏமாற்றுவதைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை வைத்து ஒரு வரி எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். தாராளமாக எழுதலாம், யாரையும் ஏமாளி ஆக்காமல் இருந்தால் சரி. "யாரும் என்னை ஏமாத்தல. நிஜமாவே காது குத்துறாங்க. நம்பலன்னா வந்து பாருங்க!" இது அழைப்பாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

வாழ்த்துபவர்கள் என்ன எழுதலாம்

வாழ்த்தட்டையிலும் வாட்ஸாப்பிலும் "குழந்தை நீடூழி வாழ்க" என்று எல்லோரும் எழுதுகிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளை அதைப் படிக்கப் போவதில்லை. படிக்கப் போகிறவர்கள் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும். எனவே அவர்களிடமே பேசுங்கள். அன்று அவர்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தால் சொல் கிடைத்துவிடும்.

அம்மா அன்று குழந்தையைவிட அதிகமாக அழுவார். அவருக்கு இப்படி எழுதலாம்: "பாப்பா அழுகை பலூனைப் பார்த்ததும் நின்னுடும். உன் அழுகையை நிறுத்தத்தான் நாங்க எல்லாரும் வர்றோம். காப்பரிசியை எடுத்து வை."

அப்பாக்களில் பலர் ஆசாரி ஊசியை எடுத்ததும் பந்தலுக்கு வெளியே போய்விடுவார்கள். அவருக்கு: "தம்பி, ஊசியை எடுத்ததும் சமையலைப் பார்க்கப் போயிடாதீங்க. சாம்பாரை நாங்க பார்த்துக்கறோம். அவ நிமிர்ந்து தேடுறப்போ உங்க முகம் எதிர்ல இருக்கணும்."

அப்பத்தாவுக்கு: "உங்க மகனுக்குக் காது குத்தினப்போ கண்ணை மூடிக்கிட்டீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பேத்திக்காவது கண்ணைத் திறந்து பாருங்க அப்பத்தா. தோடு போட்டதும் அவ முதல்ல உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பா."

அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும் சில வீடுகளில் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார்கள். விழா மருமகன் ஊரில் நடக்கும்போது, தாங்கள் விருந்தாளி என்ற எண்ணம் அவர்களுக்கு வரும். அவர்களுக்கு: "அப்புச்சி, உங்க பேத்தி உங்க மக மடியில இருந்து எழுந்து உங்க மகன் மடியில போய் உட்காரப் போறா. ரெண்டுமே உங்க வீட்டு மடிதான்." இதைப் படித்துவிட்டு அவர் முன்வரிசையில் வந்து நிற்பார்.

பெரியவர்களுக்கு எழுதும்போது 'நீங்க' என்ற மரியாதை மாற வேண்டாம். செல்லமாகச் சொல்வதற்காக ஒருமைக்குப் போக வேண்டியதில்லை. சொல்லும் செய்தியிலேயே உரிமை தெரிந்துவிடும்.

மடியில் இருக்கும்போது சொல்ல வேண்டிய சொல்

அழைப்பிதழிலும் வாழ்த்திலும் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு, குத்தும் நேரத்தில் குழந்தையிடம் என்ன சொல்வது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நான்கு பக்கமிருந்தும் நான்கு பேர் கத்துவார்கள். "வலிக்கவே வலிக்காது" என்பார் ஒருவர். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்பார் இன்னொருவர். "அழுதா ஆசாரி பிடிச்சிட்டுப் போயிடுவார்" என்று பயமுறுத்துவார் மூன்றாமவர்.

வலிக்காது என்று சொல்லி வலித்துவிட்டால், இரண்டாவது காதுக்குக் குழந்தை நம்மை நம்பாது. காது குத்தில் சிரமமே இரண்டாவது காதுதான். முதல் காதில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. எனவே உண்மையைச் சின்னதாகச் சொல்வதே நல்லது: "எறும்பு கடிச்ச மாதிரி ஒண்ணு இருக்கும். அப்புறம் வாழைப்பழம்." ஒருவர் மட்டும் பேசட்டும். அது மாமாவாகவோ, குழந்தை மிக நெருக்கமாக இருக்கும் பாட்டியாகவோ இருக்கலாம். முதல் காது முடிந்ததும் "இன்னும் ஒண்ணுதான், அப்புறம் முடிஞ்சுது" என்று சொல்லி, சொன்னபடியே முடித்துவிட வேண்டும்.

ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே இதை விளையாட்டாகப் பழக்கலாம். "மூக்கு எங்கே? காது எங்கே? தோடு எங்கே போடணும்?" என்று கேட்டு, காதை மெல்லத் தொட்டுத் தொட்டு விடலாம். புதிதாக ஓர் ஆள் காதைப் பிடித்ததும் வரும் மிரட்சி இதனால் குறையும். மாமா வெளியூரில் இருப்பவர் என்றால் முந்தின நாளே வந்துவிடட்டும். முகம் பழகாத மடியில் எந்தப் பிள்ளையும் அமைதியாக இருக்காது.

இந்த அக்கறை புதியதும் அல்ல. சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல் காது குத்தும் முறையைச் சொல்லும்போது, குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருட்களைக் காட்டி ஆற்றிய பிறகே குத்தச் சொல்கிறது. மடியும் கிலுகிலுப்பையும் ஊசிக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று அந்தக் காலத்து வைத்தியருக்கும் தெரிந்திருக்கிறது.

அழைப்பிதழின் கடைசி வரி

விழா முடிந்த பிறகும் பயன்படும் ஒரு வரியைக் கீழே சேர்த்துக்கொள்ளலாம். புதுத் தோடு போட்ட குழந்தையைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். காது மடலில் போட்ட துளை ஆற ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதுவரை கழுவாத கைகள் பட்டால் சீழ் பிடிக்கும். நேரில் "தொடாதீங்க" என்று சொன்னால் வந்தவர் மனம் வாடும். குழந்தையே சொன்னால் வாடாது:

"என்னைக் கொஞ்சலாம், தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம்.
காதை மட்டும் தொடக் கூடாது.
ஆறு வாரத்துக்கு இதுதான் சட்டம்.
மீறினா ஐயாகிட்ட சொல்லிடுவேன்."

இதே வரியை ஒரு அட்டையில் எழுதித் தொட்டிலுக்கு மேல் மாட்டிவைக்கும் வீடுகளில் பெற்றோருக்குப் பாதி வேலை மிச்சம். மடல் நாளுக்கு நாள் சிவந்து வீங்கினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மட்டும் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்

காதணி விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி வரும் பிழை கவிதையில் இல்லை, தேதியில்தான். பழைய மாதிரியில் பெயரை மாற்றும்போது தமிழ்த் தேதியையோ கிழமையையோ மாற்ற மறந்துவிடுவார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். நம் உதாரணக் குடும்பத்துக்கு 08.02.2026, ஞாயிற்றுக்கிழமை, தை 25 மூன்றும் பொருந்துகின்றன. ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6.00 வரை, எமகண்டம் பகல் 12.00 முதல் 1.30 வரை என்பதால் காலை 9.00 மணிக்கு மேல் என்று குறித்ததும் சரி. ஒரு வாரம் தள்ளிப்போனாலும் இவற்றை மறுபடி பார்க்க வேண்டும். கோயில் ஊருக்கு வெளியே இருந்தால், எந்தப் பேருந்தில் வந்து எந்த நிறுத்தத்தில் இறங்குவது, கோயிலிலேயே விருந்தா மண்டபத்திலா என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். வழி தெரியாமல் சுற்றி வந்தவருக்கு எவ்வளவு அழகான வாசகமும் ருசிக்காது.

எல்லாம் சரிபார்த்த பிறகு, அச்சடிக்கும் முன் பிரதியை இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அப்பத்தாவுக்கும், போனில் கேட்கும் அப்புச்சிக்கும் அவரவர் வரி வரும்போது முகமோ குரலோ மலர்ந்தால் வாசகம் தயார். யாராவது ஒருவர் பேசாமல் இருந்துவிட்டால், அவர் வரியை மாற்றி எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.